பச்சைத் தக்காளிச் சாறா, எண்ணெயில் வதக்கிய தொக்கா? மாமனாரோடு ஒரு வழக்கு

மீனாட்சி, 8 ஜூலை 2023, காலை 7.40

என் மாமனாருக்கு 71 வயது. தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் என்ற நிறமி புராஸ்டேட்டுக்கு நல்லது என்று நடைப்பயிற்சித் தோழர் ஒருவர் சொன்னதிலிருந்து, தினமும் வெறும் வயிற்றில் இரண்டு தக்காளியை மிக்சியில் அடித்து, வடிகட்டி, உப்புக்கூடப் போடாமல் குடிக்கிறார். ஆறு மாதமாக நடக்கிறது. நான் வைக்கும் தக்காளித் தொக்கைத் தொடுவதே இல்லை. அடுப்பில் ஏற்றினால் சத்து போய்விடுமாம். என் தொக்குக்கு "எண்ணெய்க் கிணறு" என்று பெயரும் வைத்திருக்கிறார்.

எண்ணெயில் சமைத்த தக்காளியிலிருந்துதான் லைகோபீன் அதிகமாக உடம்பில் சேரும் என்று எங்கோ படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். "ஏன்?" என்று ஒரே வார்த்தை கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய தக்காளி தினமும் இரண்டு, அதிலும் வடிகட்டிய சக்கை குப்பைக்குப் போகிறது. எனக்குப் பதில் வேண்டும்.

கூழ்க்காரர், 8 ஜூலை, காலை 9.15

வழக்கில் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள்.

பழக்கூழ் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் 14 ஆண்டுகள் இருந்தேன். தக்காளிச் சதையை மெல்லிய துண்டாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் உயிரணுக்களுக்குள்ளே சின்னச் சின்ன சிவப்பு ஊசிகள் தெரியும். அதுதான் லைகோபீன். சாற்றில் கரைந்து மிதக்கும் சாயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது கெட்டியான படிகம். தண்ணீரில் துளியும் கரையாது. உயிரணுச் சுவருக்குள்ளே, அதற்கும் உள்ளே ஒரு பைக்குள்ளே கிடக்கிறது. நம் குடல் அதை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் சுவர் உடைய வேண்டும், பிறகு படிகம் கரைய வேண்டும். முதல் வேலையைப் பெரும்பாலும் சூடு செய்கிறது, இரண்டாவதை எண்ணெய் செய்கிறது.

உங்கள் மாமனார் வடிகட்டுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஊசிகள் சதைத் துணுக்கோடும் தோலோடும் ஒட்டிக்கொண்டிருப்பவை. தோலில் எடைக்கு எடை சதையைவிட அதிகம். சக்கையைக் கொட்டிவிட்டுப் பெரும்பாலும் புளிப்புத் தண்ணீரைக் குடிக்கிறார்.

சாட்சி வேண்டுமா? தொக்கு சுண்டி வரும்போது ஓரத்தில் பிரிந்து நிற்கும் எண்ணெயைப் பாருங்கள். சிவப்பாக இருக்கும். அதில் இறங்கியிருப்பது லைகோபீன்தான்.

பாலு மாமா, 8 ஜூலை, காலை 11.02

பச்சைத் தக்காளியில் லைகோபீனே கிடையாதே! காயில் பச்சையம் அல்லவா இருக்கிறது? பழுக்கும்போதுதான் சிவப்பு வரும். ஆகவே வழக்கு ஆரம்பத்திலேயே தள்ளுபடி. அது கிடக்கட்டும், காய்த் தக்காளியில் கூட்டு வைத்தால் பாசிப்பருப்புடன் அமிர்தமாக இருக்கும்.

மீனாட்சி, 8 ஜூலை, காலை 11.20

மாமா, பச்சையாக என்றால் வேகவைக்காமல். பழம்தான். ஆனால் கூட்டைக் குறித்துக்கொண்டேன்.

இராமலிங்கம், 8 ஜூலை, மாலை 6.30

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை. சூடு பட்டால் தக்காளியில் லைகோபீன் அதிகமாகிறது. அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அரை மணி நேரம் வேகவைத்தால் இரண்டரை மடங்கு. எண்ணெய்க்கு இதில் வேலையே இல்லை, சும்மா வேகவைத்தாலே போதும்.

கூழ்க்காரர், 8 ஜூலை, இரவு 9.50

எண் சரி, பொருள் தவறு.

நீங்கள் சொல்வது கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002இல் வந்த ஆய்வு. தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் 2 நிமிடம், 15 நிமிடம், 30 நிமிடம் என்று சூடாக்கிப் பார்த்தார்கள். அளவிடப்பட்ட லைகோபீன் பச்சையில் இருந்ததைவிட முறையே 54, 171, 164 சதவீதம் கூடியிருந்தது. வெந்துகொண்டிருக்கும் தக்காளி புதிதாக லைகோபீனைத் தயாரிக்கவில்லை. அந்த வேலை செடியில் பழுக்கும்போது நடந்து முடிந்துவிட்டது. பச்சைத் துண்டிலிருந்து பிரித்தெடுக்க முடியாமல் உள்ளேயே சிக்கியிருந்தது, சுவர் இளகியதும் வெளியே வந்து அளவுக்குள் அகப்பட்டது. ஆய்வகத்தின் கரைப்பானுக்கே பச்சையில் அகப்படாதது நம் குடலுக்கு மட்டும் எப்படி அகப்படும்?

15 நிமிடத்துக்கும் 30 நிமிடத்துக்கும் வேறுபாடு ஏறக்குறைய இல்லை என்பதையும் பாருங்கள். வர வேண்டியது கால் மணி நேரத்தில் வந்துவிட்டது.

எண்ணெய்க்கு வேலை இல்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாளை எழுதுகிறேன்.

தாமரை, 9 ஜூலை, காலை 6.55

உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. கூழ்க்காரர் ஐயா, உங்கள் சாட்சி நீதிமன்றத்தில் நிற்காது. தொக்கில் மிளகாய்த்தூள் போடுகிறோம். மிளகாயின் சிவப்பும் எண்ணெயில் கரைவதுதான். தக்காளியே இல்லாமல் பூண்டும் மிளகாய்த்தூளும் வதக்கினாலும் எண்ணெய் சிவக்கும். மஞ்சள்தூள் வேறு இருக்கிறது.

கூழ்க்காரர், 9 ஜூலை, காலை 7.10

அடடா.

கூழ்க்காரர், 9 ஜூலை, மதியம் 2.30

தாமரை சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால் சமையலறையில் இறங்கிவிட்டேன். முக்கால் கிலோ பெங்களூர் தக்காளி, மூன்று பங்கு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு எதுவும் இல்லை. நிறமில்லாத கடலை எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி.

முதல் பங்கைப் பச்சையாக அரைத்து, எண்ணெய் ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தில் வைத்தேன். இரண்டாவதை எண்ணெய் இல்லாமல் இருபது நிமிடம் வேகவைத்து, முழுதாக ஆறிய பிறகு எண்ணெய் கலந்தேன். மூன்றாவதை முதலிலேயே எண்ணெயில் போட்டு, மிதமான தீயில் அதே இருபது நிமிடம் வதக்கினேன். மேலே மிதந்த எண்ணெயைக் கரண்டி நுனியில் எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒவ்வொரு சொட்டு விட்டேன்.

பச்சையில் எடுத்த சொட்டு, மங்கலான வெளிர் மஞ்சள். வேகவைத்து ஆறவைத்ததில் எடுத்தது அதைவிடச் சற்று அழுத்தமான மஞ்சள். எண்ணெயிலேயே வதங்கியது நல்ல ஆரஞ்சு. என் மனைவி வந்து தட்டைப் பார்த்துவிட்டு, "மூன்று சட்டி கழுவுவது யார்?" என்று மட்டும் கேட்டாள்.

எண்ணெய்ச் சிவப்புக்கு மிளகாய்த்தூளும் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிளகாய் இல்லாமல் எனக்குக் கிடைத்தது சிவப்பு அல்ல, ஆரஞ்சு.

தாமரை, 9 ஜூலை, மாலை 4.05

அந்த ஆரஞ்சிலும் கொஞ்சம் பீட்டா கரோட்டின் இருக்கும், தக்காளியில் அதுவும் உண்டு. ஆனால் நீங்கள் ஆரஞ்சைப் பார்த்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பச்சைத் தக்காளியில் உள்ள லைகோபீன் மூலக்கூறு கிட்டத்தட்ட முழுதும் நேராக நீட்டிய வடிவத்தில் இருக்கிறது. டிரான்ஸ் வடிவம் என்கிறோம். நேரான குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று அழகாக அடுக்கிக்கொள்ளும், அதனால்தான் படிகம் ஆகிறது. எண்ணெயில் கரைந்து சூடு படும்போது சில குச்சிகள் நடுவில் மடங்குகின்றன. இது சிஸ் வடிவம். மடங்கியவை நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது, கரைந்த நிலையிலேயே இருக்கும், நிறமும் சற்று வெளுக்கும். படிகமாக இருக்கும்வரை சூடு பட்டாலும் அவ்வளவு எளிதில் மடங்காது. முதலில் கரைய வேண்டும்.

மனித இரத்தத்தில் இருக்கும் லைகோபீனில் பாதிக்கு மேல் மடங்கிய வடிவம்தான். தக்காளியில் மிகக் குறைவாக இருப்பது இரத்தத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது என்றால், குடல் அதைத்தான் விரும்பி எடுக்கிறது என்று தோன்றும். ஓஹியோ அரசுப் பல்கலைக்கழகத்தில் 2015இல், பிறவியிலேயே மடங்கிய லைகோபீன் உள்ள ஆரஞ்சு நிறத் தக்காளி ஒன்றின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தபோது, சிவப்புத் தக்காளிச் சாற்றைவிட 8.5 மடங்கு அதிகமாக உறிஞ்சப்பட்டது.

பாலு மாமா, 9 ஜூலை, மாலை 5.00

ஆக ஆரஞ்சுத் தக்காளி சிவப்பை ஜெயித்துவிட்டது. காய்த் தக்காளிக்கும் ஒரு நாள் வரும்.

கூழ்க்காரர், 10 ஜூலை, காலை 8.00

எண்ணெய்க்கு வேலை உண்டா என்ற இராமலிங்கத்தின் கேள்விக்கு வருகிறேன். இதற்கு மூன்று சோதனைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் வேறு ஒன்றை மாற்றியது.

ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் ஸ்டால், சீஸ் இருவரும் 1992இல் வெளியிட்டது முதலாவது. தக்காளி ஜூஸில் 1 சதவீதம் மக்காச்சோள எண்ணெய் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். இரத்தத்தில் லைகோபீன் நன்றாக ஏறியது, உச்சத்தைத் தொட 24 முதல் 48 மணி நேரம் ஆனது. காய்ச்சாத ஜூஸைக் குடித்தவர்களுக்கு ஏறவில்லை. மாமனாரின் காலைச் சாறு ஏறக்குறைய இந்த இரண்டாவது கோப்பைதான், அதிலும் வடிகட்டியது. ஆனால் இந்தச் சோதனையை மட்டும் வைத்துப் பேசினால், உதவியது சூடா எண்ணெயா என்று பிரிக்க முடியாது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தே வந்தன.

அதே ஊரில் 1997இல் செய்தது இரண்டாவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஐந்தே பேர். ஒரு முறை பச்சைத் தக்காளி, இன்னொரு முறை தக்காளி பேஸ்ட். இரண்டிலும் லைகோபீன் அதே 23 மில்லிகிராம், இரண்டோடும் அதே 15 கிராம் மக்காச்சோள எண்ணெய். லைகோபீனும் சமம், எண்ணெயும் சமம். மாறியது காய்ச்சி அரைத்துப் பதப்படுத்தியதா இல்லையா என்பது மட்டும். பேஸ்ட் சாப்பிட்டபோது, குடலிலிருந்து புறப்படும் கொழுப்புத் துளிகளில் லைகோபீனின் உச்ச அளவு 2.5 மடங்கு. உச்சத்தை மட்டும் பார்க்காமல் நேரத்தோடு சேர்த்து மொத்த வரவைக் கணக்கிட்டால் 3.8 மடங்கு. ஆக எண்ணெய் கூடவே இருந்தும் பச்சைத் தக்காளி பின்தங்கிவிட்டது. சாலட்டின் மேல் எண்ணெய் ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது ஆஸ்திரேலியாவில், 2005இல். இரண்டு பக்கமும் வேகவைத்த தக்காளிதான். ஒரு பக்கம் ஆலிவ் எண்ணெயோடு, மறுபக்கம் இல்லாமல். ஐந்து நாள் சாப்பிட்டார்கள். எண்ணெயோடு சமைத்ததைச் சாப்பிட்டவர்களுக்கு இரத்தத்தில் நேர்வடிவ லைகோபீன் 82 சதவீதமும் மடங்கியது 40 சதவீதமும் ஏறின. எண்ணெய் இல்லாதவர்களுக்கு நேர்வடிவம் குறிப்பிடும்படி ஏறவில்லை, மடங்கியது 15 சதவீதம் ஏறியது.

இராமலிங்கம், சும்மா வேகவைத்தால் போதும் என்ற கட்சி இங்கே விழுகிறது. கொழுப்பு இல்லாத உணவு வந்தால் குடலுக்குள் பித்தநீர் சரியாகச் சுரந்து வராது. பித்தநீர்தான் எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து, லைகோபீனை அவற்றில் ஏற்றிக் குடல் சுவர்வரை கொண்டுபோகும் வாகனம். சரக்கு சந்தைக்கு வந்துவிட்டது, ஆனால் வண்டி வரவில்லை என்ற கதை.

இராமலிங்கம், 10 ஜூலை, காலை 10.40

வண்டி சாப்பாட்டோடு வந்தால் போதாதா? ரசத்தில் எண்ணெய் தாளிப்புக்கு மட்டும்தான். ஆனால் சாதத்தில் நெய் ஊற்றிக்கொள்கிறேன், கூடவே அப்பளம். சட்டிக்குள்ளேதான் எண்ணெய் இருக்க வேண்டும் என்று எந்தச் சோதனை சொன்னது?

கூழ்க்காரர், 10 ஜூலை, இரவு 8.20

நல்ல கேள்வி. யோசிக்கவைத்துவிட்டீர்கள்.

ஆஸ்திரேலியச் சோதனையில் எண்ணெய் சமையலிலேயே சேர்ந்தது. வேகவைத்த பிறகு தனியாக எண்ணெய் கொடுத்த மூன்றாவது குழு ஒன்று இருந்திருந்தால் உங்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லியிருப்பேன். பித்தநீரை அழைக்கும் வேலையை நெய் செய்துவிடும், அதில் ஐயம் இல்லை. படிகத்தை அடுப்பிலேயே கரைத்துவைக்கும் வேலை நெய்யால் இலையில் ஆகுமா? என் பீங்கான் தட்டின் இரண்டாவது சொட்டை நினைத்துப் பாருங்கள், ஆறிய பிறகு எண்ணெய் கலந்தது மஞ்சளாகத்தான் நின்றது. ஆனால் தட்டு வேறு, குடல் வேறு. அங்கே பல மணி நேரம் கலக்கல் நடக்கிறது. ஆகவே உங்கள் ரசம் மாமனாரின் சாற்றைவிட மேல், மீனாட்சியின் தொக்குக்குக் கீழ் என்று நான் பந்தயம் கட்டுவேன். பந்தயம்தான், தீர்ப்பு அல்ல.

தாமரை, 10 ஜூலை, இரவு 11.30

நான் நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 1997 சோதனையில் பேஸ்ட்டிலும் பச்சைத் தக்காளியிலும் மடங்கிய லைகோபீனின் பங்கு ஒரே மாதிரிதான் இருந்தது. அதாவது அந்த 3.8 மடங்கு, குச்சி மடங்கியதால் வந்ததல்ல, சுவர் உடைந்ததால் வந்தது. சூட்டால் நடக்கும் எல்லாவற்றையும் சிஸ் வடிவத்தின் கணக்கில் எழுதியது என் அவசரம். ஓஹியோ சோதனையை மாற்ற வேண்டியதில்லை. மடங்கியது எளிதில் சேரும் என்பது உண்மை, ஆனால் சாதாரணத் தொக்கில் எவ்வளவு மடங்குகிறது என்பது வேறு கேள்வி.

தொக்கில் வெங்காயமும் பூண்டும் போடுகிறோமே, அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள், சூட்டில் லைகோபீன் மடங்குவதை விரைவுபடுத்துகின்றன என்று ஜப்பானில் கண்டிருக்கிறார்கள்.

நசீமா, 11 ஜூலை, காலை 9.05

பித்தநீர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குப் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள், நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்படியானால் எனக்குத் தொக்கும் வீண்தானா? எண்ணெய் அதிகமானால் வயிறு ஒத்துக்கொள்வதில்லை.

கூழ்க்காரர், 11 ஜூலை, காலை 9.45

வீண் இல்லை அம்மா. பித்தநீர் கல்லீரலில் சுரக்கிறது, பை வெறும் சேமிப்புத் தொட்டி. தொட்டி போனால் நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டே இருக்கும், ஒரேயடியாகக் கொட்டாது. ஒரே வேளையில் கிணறாக ஊற்றாமல், இரண்டு வேளைக்கு ஒவ்வொரு தேக்கரண்டி எண்ணெய் என்று பிரித்துப் பாருங்கள். வயிறு தொடர்ந்து தொல்லை கொடுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், நான் தக்காளி வைத்தியன் மட்டும்தான்.

எவ்வளவு எண்ணெய் என்று மற்றவர்களும் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அயோவாவில் 2004இல் பச்சைக் காய்கறி சாலட்டை எண்ணெயே இல்லாமலும், 6 கிராம் எண்ணெயோடும், 28 கிராம் எண்ணெயோடும் கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணெய் இல்லாதபோது லைகோபீன் போன்ற நிறமிகள் உறிஞ்சப்பட்டது ஏறக்குறைய பூச்சியம். 6 கிராமில் கொஞ்சம், 28இல் இன்னும் அதிகம். ஆனால் அது பச்சை சாலட். வெந்து குழைந்த தக்காளிக்கு 28 கிராம் தேவை என்று அதிலிருந்து சொல்ல முடியாது. நான் ஒருவருக்கு ஒரு வேளைக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போவதில்லை.

மீனாட்சி, 12 ஜூலை, காலை 7.15

மாமனாருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "வைட்டமின் சி?" என்றார்.

கூழ்க்காரர், 12 ஜூலை, காலை 8.30

அதில் மாமனார் கட்சிக்கு ஒரு புள்ளி. அதே கார்னெல் ஆய்வில் அரை மணி நேரத்தில் வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்தது. ஒரு நெல்லிக்காய் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும் என்று சொல்லுங்கள்.

கூடவே இதையும் சொல்லிவிடுங்கள். இரத்தத்தில் லைகோபீன் ஏறுவது ஒன்று, புராஸ்டேட்டைக் காப்பது இன்னொன்று. தக்காளி அதிகம் சாப்பிட்டவர்களிடையே புராஸ்டேட் புற்று குறைவாகக் காணப்பட்டது என்ற ஹார்வர்டு ஆய்வு 1995இல் வந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அது மக்களைக் கவனித்து எழுதிய கணக்கு, மருந்து கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் ஆதாரங்களைப் பரிசீலித்தபோது, தக்காளிக்கு மிகவும் பலவீனமான ஒரு வாசகத்தை மட்டும் அனுமதித்தது, லைகோபீனைத் தனியாக வைத்துச் செய்த கோரிக்கையை ஏற்கவில்லை. நம் மூன்று சோதனைகளும் குடலைத் தாண்டுவதைப் பற்றி மட்டும் பேசுகின்றன. சிறுநீர்த் தொல்லை ஏதாவது இருந்தால் தொக்கை நம்பி உட்கார வேண்டாம்.

அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. நாள்தோறும் சுமார் 2 லிட்டர் தக்காளி ஜூஸ் பல ஆண்டுகள் குடித்த அமெரிக்கப் பெண் ஒருவரின் தோலே ஆரஞ்சாகிவிட்டது. 1960இல் மருத்துவ இதழில் பதிவானது. ஜூஸை நிறுத்தியதும் நிறம் குறைந்தது.

பாலு மாமா, 12 ஜூலை, காலை 9.00

காய்த் தக்காளி சாப்பிட்டால் பச்சையாகிவிடுவோமா?

மீனாட்சி, 15 ஜூலை, மாலை 6.40

நேற்று தொக்கு வைத்தேன். கால் மணி நேரம் வதக்கிய பிறகு தீயைக் குறைத்து, அடி பிடிக்குமுன் இறக்கிவிட்டேன். தண்ணீர் முழுதும் வற்றிக் கருகும்வரை விட்டால் லைகோபீனும் கெடும் அல்லவா? சிவப்பு பழுப்பாக மாறுவதற்கு முன்னால் நிறுத்தினேன். மாமனார் தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். காலைச் சாற்றை விடவில்லை. ஆனால் வடிகட்டுவதில்லை.

எனக்கு வேறு தொல்லை. மிச்சத் தொக்கைப் போட்டுவைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா செக்கச்சிவந்துவிட்டது. சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்தும் போகவில்லை.

கூழ்க்காரர், 15 ஜூலை, இரவு 7.30

குடலுக்குப் போக வேண்டியது டப்பாவுக்குப் போயிருக்கிறது. எண்ணெயில் கரைந்த நிறம் பிளாஸ்டிக்கிலும் கரையும், தண்ணீருக்கு அசையாது. முதலில் துணியில் சமையல் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், கொஞ்சம் இறங்கும். பிறகு நல்ல வெயிலில் இரண்டு நாள் வையுங்கள். வெயில் பட்டால் அந்த மூலக்கூறு சிதைந்துவிடும், நிறமும் போய்விடும். ஆலையில் எங்கள் வெள்ளை வாளிகளை அப்படித்தான் மீட்போம். இனிமேல் கண்ணாடிப் பாட்டில்.

மீனாட்சி, 18 ஜூலை, காலை 10.10

டப்பா வெளுத்துவிட்டது. மூடி மட்டும் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. மாமனார் அதைத் திண்ணை நிழலில் எடுத்து வைத்திருக்கிறார்.

தாமரை, 18 ஜூலை, காலை 10.25

ஒப்பீட்டுக்காக ஒரு மூடியை நிழலில் வைத்திருக்கிறாரா? அவரை எங்கள் துறைக்கு அனுப்புங்கள்.